நகம் மாட்டினால் பலகை போச்சு

அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு நகத்தம்மா என்று பெயர். ஒட்ட வெட்டிய கட்டைவிரல் நகத்தை பிளாஸ்டிக் வெட்டுப்பலகையின் குறுக்கே இழுத்துப் பார்ப்பாள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பலகைக்கு ஆயுசு இருக்கிறது. கத்திக் கீறலில் தடுக்கி நின்றால் தேய்த்துக் கழுவிப் பார்ப்பாள். அப்படியும் கீறலுக்குள் அழுக்கு நின்றால் பலகை குப்பைக்குத்தான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் சட்டம். யாரும் போட்டுக் கொடுத்ததில்லை, அவளே போட்டுக்கொண்டது.

காய் வெட்டும் பச்சை விளிம்புப் பலகை ஒன்றை அவள் மூன்று முறை குப்பையில் போட்டுவிட்டாள். மூன்று முறையும் அது பளிச்சென்று வெள்ளையாகத் திரும்பி வந்தது. சமையலறை மேற்பார்வையாளர் அதை எடுத்து பிளீச்சிங் வாளிக்குள் போட்டுவிடுவார்.

"வெளுத்துப் போச்சு பாரு, அப்புறம் என்ன?" என்பார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், காலையில் வெள்ளரிக்காயோடு அவள் பலகை முன் நின்றபோது, ஒரு கீறலுக்குள் கோழித்தோல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் மாலை ஷிப்ட்காரர்கள் அவசரத்துக்கு இதில் கோழி வெட்டியிருக்கிறார்கள். மதியத்துக்கு வெட்டும் வெள்ளரிக்காய், உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் மேல்மாடியில் படுத்திருப்பவர்களுக்கு. அடுப்பைப் பார்க்காமல் நேராக அவர்கள் வாய்க்குப் போவது.

"சார், இதுல நான் வெட்ட மாட்டேன்."

"நேத்து ராத்திரி முழுக்க பிளீச்சிங்ல ஊறியிருக்கும்மா!"

"கழுவாமயே போட்டீங்களே! கொழுப்பும் ரத்தமும் இருந்தா மருந்தோட வீரியம் அதுலயே செத்துப்போகும். முதல்ல சூடான சோப்புத் தண்ணியில, கீறல் போற பக்கமா பிரஷ் போட்டுத் தேய்க்கணும். அலசணும். அப்புறம் நாலு லிட்டர் தண்ணிக்கு ஒரு பெரிய ஸ்பூன் பிளீச்சிங் மருந்து ஊத்தி அஞ்சு நிமிஷம். மறுபடி அலசி, நிக்க வச்சு காய விடணும். இவ்வளவும் மேலாப்புல இருக்குற கீறலுக்குத்தான். இந்தப் பள்ளத்துக்குள்ள பிரஷும் போகாது, ஒண்ணும் போகாது."

"வெள்ளையா இருக்கா இல்லையா?"

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பீட்ரூட்டைப் பாதியாக அறுத்து அந்த வெள்ளைப் பலகை முழுக்கத் தேய்த்தாள். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினாள். மேல்பரப்பு வெளுத்துவிட்டது. கீறல்கள் மட்டும் சிவப்புச் சிவப்பாக நின்றன. சமையலறையில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அது வெறும் கறைம்மா."

"சாறு போய் உக்காந்த இடத்துல கோழி ரத்தம் உக்காராதா சார்?"

அவர் முகம் கறுத்தது. "புதுசு கேட்டு எழுதியிருக்கு. வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் இதுல வெட்டு. இல்லன்னா வெட்டுற வேலை உனக்கு இல்ல."

வெட்டும் மேசைதான் அவளுடைய கௌரவம். வெள்ளரிக்காயை அவளைப் போல் சன்னமாகச் சீவ அங்கே இன்னொரு கை கிடையாது. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் அந்த இடத்தில் கை வைத்தார். "ஏம்மா உனக்கு இந்த வம்பு?" என்று மகள் வீட்டில் கேட்பது அவள் காதில் ஒலித்தது. ஒலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பலகையை இடுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே வேலையாக இருந்த குழாய் பழுது பார்ப்பவரிடம் ரம்பம் வாங்கி, பலகையை நட்டநடுவே அறுத்தாள். கை வலித்தது, மனசு குளிர்ந்தது. இரண்டு துண்டையும் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"இப்ப வெளுங்க சார்."

மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சாவிக்கொத்தோடு ஸ்டோர் ரூமுக்குப் போனார். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தபோது கையில் கவர் பிரிக்காத புதுப் பலகைகள் ஆறு. ஆய்வுக்கு வருபவர்கள் கண்ணில் காட்டுவதற்காக எட்டு மாதமாகப் பூட்டி வைத்திருந்தவை.

"ரெண்டு வாரம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சே!" என்று அடுப்படியிலிருந்து யாரோ சொல்ல, பெரிய சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நாளையிலிருந்து நீ பாத்திரம் கழுவுற தொட்டிக்குப் போ" என்றார்.

அன்றைய வெள்ளரிக்காயைப் புதுப் பலகையில் வெட்டி மேலே அனுப்பிவிட்டுத்தான் அவள் கத்தியைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் காலை முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு தொட்டி முன் நின்றாள். முதல் பலகை வந்தது, பின்னாலேயே அடுத்தது. காய், கோழி, மீன் என்று சமையலறையில் உள்ள பலகை அத்தனையும் கழுவ அவளிடம்தான் வந்தாக வேண்டும். இதுவரை ஒரு மேசைப் பலகைதான் அவள் கையில் இருந்தது.

வலது கை உறையைக் கழற்றி வைத்தாள். குழாய் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, அந்த ரம்பம் இங்கயே இருக்கட்டும்."