ஒரே வரித் திட்டம்

விடுதியில் அவளுக்குக் கணக்குப்புலி என்று பெயர். புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. டியூஷன் எடுத்துச் சேர்த்தது பன்னிரண்டாயிரம். அதைப் பத்து நிறுவனங்களின் பங்குகளில் சமமாகப் போட்டு, வாராவாரம் மாற்றிக்கொண்டே இருக்க ஒரு நிரல் எழுதினாள். பழைய விலைகளை வைத்துச் செய்த கணினிச் சோதனையில், வாங்கி விற்கும் ஒரு சுற்றுக்கு அது இரண்டு சதவீதம் லாபம் காட்டியது.

நிஜச் சந்தையில் ஒரே மாதத்தில் கையைச் சுட்டுக்கொண்டாள். வணிகவியல் படிக்கும் அறைத்தோழி திரையை எட்டிப் பார்த்தாள்.

"சோதனையில கட்டணம் எவ்வளவு போட்ட?"

"ஆயிரத்துக்கு ஒண்ணு."

"அடிப்பாவி, உன் தரகர் ஆர்டருக்கு இருபது ரூபா வாங்குறாரு. நீ ஒரு பங்குல போடுறதே ஆயிரத்து இருநூறு. வாங்க இருபது, விக்க இருபது. மூணு சதவீதத்துக்கு மேல அங்கயே போயிடுது."

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சோதனையில் அதிகம் ஏறிய பங்கின் விலை இரண்டாயிரத்து நானூறு. நிரல் கூசாமல் அரைப் பங்கு வாங்கியிருந்தது. தரகரிடம் ஒன்றுக்குக் குறைந்து கிடையாது.

கணக்குப்புலி எல்லாவற்றையும் அழித்தாள். மிஞ்சியது ஒரே வரி: கையில் ஐயாயிரம் சேரும்போதெல்லாம், மொத்தச் சந்தையையும் வாங்கிவைக்கும் நிதி ஒன்றில் ஒரே ஆர்டர்.

"மத்த நாளெல்லாம் என்ன பண்ணுவ?"

"சும்மா இருப்பேன். அதுக்கு இருபது கிடையாது."