ஓட்டுக்கன்று

ஒட்டு மாங்கன்று நர்சரி வைக்கும் திட்டத்தை எழுதினவன் நான்தான். இரண்டாயிரங்களின் தொடக்கம். வேளாண் தொழில்முனைவோர் போட்டிக்கு அனுப்ப, அச்சரப்பாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து நானே டைப்பும் அடித்தேன். மாங்கொட்டை முளைக்கவைத்து நாட்டுக்கன்று வளர்ப்பது, தாய்மரத்துக் குச்சியை வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே இலை கிள்ளி விடுவது, நூறு ஒட்டுக் கட்டினால் அறுபதுதான் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வது, எல்லாம் நான் கத்தியால் விரலை வெட்டிக்கொண்டு கற்றது. கூட்டாளி என் பள்ளித் தோழன். அவனுக்குப் பேச வரும்.

இறுதிச்சுற்று செங்கல்பட்டில். "மேடையில ஒருத்தன்தான் பேசணுமாம் மச்சான். நீ கீழ குந்திக்கினு பாரு" என்றான். பார்த்தேன். நான் இரண்டு பெயரும் அடித்திருந்த முதல் பக்கத்தை மாற்றியிருந்தான்; திரையில் அவன் பெயர் மட்டும் இருந்தது. என் பெயர் அடுத்த பக்கத்தில் வரும் என்று காத்திருந்தேன், மடையன்.

மூன்றாம் பக்கம் வந்ததும் ஒரு நடுவர் சிரித்தார். "தம்பி, இது ஒட்டுக்கன்றா, ஓட்டுக்கன்றா? எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?"

அரங்கமே சிரித்தது. பிழை என் விரல் செய்தது. ஆனால் திட்டம் தன்னுடையது என்றவன் அதை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

அவன் தயங்கவே இல்லை. என் பக்கம் கையை நீட்டினான்.

"டைப் அடிச்ச ஆளோட தப்பு சார். அதோ, பின்னாடி உக்காந்திருக்கான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, "சாரி சார்" என்றேன்.