நீலப் பஞ்சு

அந்த ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் பிரிப்பக்காதான். அழுக்குத் துணி மூட்டை வந்து விழுந்ததும் அதை அவள் கையால்தான் பிரிக்க வேண்டும். வேறு ஆள் பிரித்தால் மறுபடியும் கொட்டி, முதலிலிருந்து தானே பிரிப்பாள். டவல் தனி, படுக்கை விரிப்பு தனி, சர்வர்களின் கறுப்புக் கால்சட்டையும் கையில்லாக் கோட்டும் தனி, வரவேற்பறைப் பெண்களின் கருநீல ஸ்வெட்டர் தனி. பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. அதற்கு முன்னால் ஒரு பின்னலாடைப் பட்டறையில் ஆறு வருஷம் இருந்தாள். நூலைத் தடவிப் பார்த்தே இது எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. அவளுக்குக் கோபமும் அதிகம், வாயும் அதிகம். கணவன் விட்டுவிட்டுப் போனதற்கே அந்த வாய்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். வாய் இல்லாதிருந்தால் நான்தான் செத்துப்போயிருப்பேன் என்பாள் அவள்.

புது மேலாளருக்கு வயது முப்பதுகூட இருக்காது. வந்த இரண்டாம் வாரம் கீழே இறங்கி வந்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்.

"பாதி டிரம் காலியா ஓடுதே. ஏன் இப்படி?"

"கறுப்புத் துணி அவ்வளவுதான் சார் இருக்கு. தனியாப் போட்டிருக்கேன்."

"தனியா எதுக்கு? நீச்சல்குளத்து டவல் மலை மாதிரி கிடக்குது. அதையும் சேர்த்து ரொப்புங்க. தண்ணியும் கரண்டும் மிச்சம்."

"டவல் பஞ்சு விடும் சார். எல்லாம் கறுப்புல போய் ஒட்டிக்கும். ஸ்வெட்டரும் டவலோட உரசி உருண்டை உருண்டையாப் போயிடும்."

"துணின்னா உரசத்தான் செய்யும். நான் சொன்னபடி போடுங்க."

மறுநாள் அதையே, ஸ்வெட்டரைத் திருப்பிப் போடுவதும் வலைப்பையும் வேண்டாம் என்று சேர்த்து, தாளில் அச்சடித்து மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். இஸ்திரி போடும் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "நமக்கென்ன அக்கா, சொன்னதைச் செய்வோம்" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். பின்னால் நினைத்துப் பார்த்தபோது, மேலாளர் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. தெரிந்தே செய்தோமே என்று.

பத்து நாளில் பலன் தெரிந்தது. பெரிய விருந்தொன்று. கறுப்பு உடையில் வரிசையாக நின்ற சர்வர்கள் மேலெல்லாம் யாரோ மாவு சலித்தது போல இருந்தது. தலைமை சர்வர் ஒட்டுநாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவர் முதுகிலும் ஒற்றி ஒற்றி எடுத்தார். கடைசி ஆளை ஒற்றி முடிக்கும்போது முதல் ஆள் மீது பஞ்சு மறுபடி தெரிந்தது. விருந்தாளி ஒருவர் தன் தட்டில் விழுந்த இழையைக் கரண்டி நுனியால் எடுத்துக் காட்டினார். வரவேற்பறைப் பெண்களின் ஸ்வெட்டர்களோ, வாங்கி மூன்று மாதம்கூட ஆகாதவை, ரவை கொட்டினாற்போல் பொடிப்பொடியாய் உருண்டை பிடித்திருந்தன.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேலாளர் இறங்கி வந்தார். கையில் ஒரு கடிதம், பின்னால் தலைமை சர்வர்.

"டிரையரோட பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் பண்றதே இல்ல. சோப்புத்தூளை அள்ளிக் கொட்டுற. அதான் பஞ்சும் உருண்டையும். இது கவனக்குறைவுக்கான எச்சரிக்கைக் கடிதம். கையெழுத்துப் போடு."

'போடுங்க' என்பது எப்போது 'போடு' ஆனது என்று அவள் யோசித்தாள். அவருடைய அம்மா வயசு அவளுக்கு. ரத்தம் தலைக்கேறியது.

"போட மாட்டேன்."

"சாயந்திரம் வரைக்கும் டைம். இல்லன்னா நாளைக்கு வர வேண்டாம்."

மதியம் போனில் மகளிடம் சொன்னாள். "போட்டுத் தொலைச்சிடும்மா, வேலை முக்கியமா உன் ரோஷம் முக்கியமா?" என்றாள் மகள். அவள் போனை வைத்தாள். கத்தினால் மேலாளருக்குப் பதிலாக மகளிடம் கத்துவதாகிவிடும். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடினாள். பிறகு அழுக்குக் கூடையிலிருந்து ஒரு ஸ்வெட்டரையும் ஒரு கறுப்புக் கோட்டையும் எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனாள். இஸ்திரி அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார். மேலாளர் அறையில் தலைமை சர்வர் அடுத்த வார விருந்துப் பட்டியலோடு நின்றிருந்தார்.

அவள் கோட்டை மேஜை மேல் விரித்து, ஒரு சிட்டிகைப் பஞ்சைக் கிள்ளி வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள்.

"என்ன கலர் சார் இது?"

மேலாளர் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் நீலமா இருக்கு."

"நீச்சல்குளத்து டவல் என்ன கலர்? வடிகட்டியை ஒவ்வொரு தடவை ஓட்டினதும் நான்தான் வழிக்கிறேன், இப்பவே வந்து பாருங்க. ஆனா டிரம்மை ரொப்பித் திணிச்சா பஞ்சை அலசிட்டுப் போகத் தண்ணிக்கு வழி இல்ல. அப்புறம் டிரையர்ல சுத்தும்போது இந்தப் பாலியஸ்டர் துணியில உரசி உரசிக் கரண்ட் மாதிரி ஏறி, பஞ்சை இழுத்துப் பிடிச்சுக்குது. வடிகட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே துணியில ஒட்டிடுது."

"சரி, ஸ்வெட்டர்? அது சோப்புத்தூள்தானே?"

அவள் ஸ்வெட்டரை உள்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். கருநீலம், வழவழவென்று, ஒரு பொட்டு உருண்டை இல்லை.

"சோப்பு ரெண்டு பக்கமும்தானே சார் படும்? உருண்டை மட்டும் ஏன் வெளிப்பக்கமே பிடிச்சுது? அந்தப் பக்கம்தான் டவல் உரசுச்சு. உரச உரச நூல்ல இருக்கிற சின்னச் சின்ன இழை வெளிய வந்து பின்னிக்குது. கம்பளி மட்டும்னா உருண்டை கொஞ்ச நாள்ல தானா உதிர்ந்துடும். இதுல செயற்கை இழை கலந்திருக்கு, அது அறாம உருண்டையை இழுத்துப் பிடிச்சிட்டே இருக்கும். நான் எப்பவும் உள்பக்கம் திருப்பி, வலைப்பைல போட்டு, ஸ்வெட்டரோட ஸ்வெட்டர்தான் துவைப்பேன். திருப்பவும் வேண்டாம், வலைப்பையும் வேண்டாம்னு தாள்ல ஒட்டினது நீங்க."

"எல்லாத்துக்கும் துவைக்கிறதுதான் காரணம்னு எப்படிச் சொல்ற?"

"துவைக்கிறது மட்டும் இல்ல. உரசல்." அவள் பார்வை அவருடைய முழங்கையில் நின்றது. "உங்க ஸ்வெட்டரை நான் ஒருநாளும் துவைச்சதில்ல. முழங்கையைப் பாருங்க. மேஜை விளிம்புல ஊன்றி ஊன்றி அங்க மட்டும் உருண்டை பிடிச்சிருக்கு. வலது இடுப்புல பை உரசுற இடத்துலயும். அதுக்கும் எனக்கு ஒரு கடிதம் எழுதுவீங்களா?"

இஸ்திரி அண்ணன் தொண்டையைச் செருமினார். மேலாளர் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்; பார்க்காமலிருக்க அவரால் முடியவில்லை. தலைமை சர்வர் அதுவரை பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக, "எட்டு வருஷமா இவங்க துவைச்சதைத்தான் நாங்க போடறோம் சார். இப்படி ஒருதடவையும் ஆனதில்ல" என்றார்.

"சரி, விடுங்க. கடிதத்தை மறந்துடுங்க. பழையபடி பிரிச்சே போடுங்க."

"மறக்க மாட்டேன். என் முன்னாடியே கிழிங்க."

அவர் கிழித்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. மறுநாள் சுவரில் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள்: சலவை முறையில் நடந்த சோதனை முடிவடைந்தது, இனி துணிகள் வகைபிரித்தே துவைக்கப்படும். படித்ததும் அவளுக்கு மறுபடி மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சோதனையாம். யாரை வைத்து? இஸ்திரி அண்ணனிடம் பேனாவை வாங்கி, கீழே பெரிய எழுத்தில் எழுதினாள்: சோதனை செய்யச் சொன்னது மேலாளர். யாரும் அதைக் கிழிக்கவில்லை.

வரவேற்பறைப் பெண் ஒருத்தி, முந்தின நாள் மற்றவர்களிடம் 'கீழே இருக்கிற அக்காவுக்குத் துவைக்கவே தெரியாது' என்று சொன்னவள்தான், ஸ்வெட்டரோடு தயங்கித் தயங்கி வந்தாள்.

"இது சரியாகுமாக்கா?"

"மேல இருக்கிற உருண்டையை வழிச்சுத் தரேன். பழைய மாதிரி ஆகாது. வெளிய வந்த இழை உள்ள போகாது, அந்த அளவுக்கு நூல் இளைச்சுப் போச்சு."

"நான் உங்களைப் பத்தி..."

"தெரியும். அங்க வை."

உருண்டை வழிக்க வைத்திருந்த, பேட்டரியில் ஓடும் சின்ன மழிப்பானை எடுத்து, ஸ்வெட்டரைப் பலகையில் இழுத்துப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து தொடங்கினாள். அப்படி ஒன்பது ஸ்வெட்டர் இருந்தது. மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் அவளிடம் யாரும் அனாவசியமாகப் பேச்சுக் கொடுக்கவில்லை.