ஏழு படங்கள், ஒரு பக்கம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழ் வாசிப்பேன், இலக்கங்கள் தெரியும். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் பதினெட்டு வருஷங்கள் ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். பேராதனையைத் தாண்டிக் கம்பளைக்குப் போகும் வழியில் ஒரு மரக்கறி ஆய்வுப் பண்ணை. அங்கே எனக்குப் பியோன் வேலை.

பண்ணைக்குப் பொறுப்பாக இருந்த மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் ஒரு கட்டளை உண்டு. யாராவது புதிதாக ஒரு பயிர் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், அதே மாதிரி முன்பு செய்தவர்கள் எழுதிய கட்டுரையைத் தேடி வாசித்து, ஒரே ஒரு பக்கத்தில் சுருக்கிக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மூன்று தலைப்புகள்: நோக்கம், முறை, முடிவு. என்ன தெரிந்துகொள்ளச் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், என்ன கண்டார்கள். "ரெண்டாம் பக்கம் இருந்தா நான் திருப்ப மாட்டன்" என்பார். திருப்பியதும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் யாருக்குப் பாத்தி கொடுப்பது என்று முடிவு செய்வார்.

அந்த முறை காலியாக இருந்தது ஆறு பாத்திகள்தான். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தக்காளி வைக்க நினைத்த சிங்கள ஐயா. மற்றவர் கம்பளையிலிருந்து வந்துபோகும் ஆய்வு உதவியாளர் மிஸ். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து படித்து வந்த பிள்ளை. போஞ்சிப் பாத்தியில் வைக்கோல் பரப்பினால் காய் கூடுமா என்று பார்ப்பது அவருடைய எண்ணம். அவருக்கு ஆறு மாத வேலைதான் கொடுத்திருந்தார்கள். இந்தப் போகத்தில் பாத்தி கிடைக்காவிட்டால், வேலை முடிகிற நாளில் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இதை அவரே என்னிடம் ஒரு நாள் பிளேன்டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார்.

அவருக்கு வேண்டிய கட்டுரை பழைய தொகுதி ஒன்றில் இருந்தது. முன்னால் சுருக்கம் எதுவும் போடாத காலத்துக் கட்டுரை. தொகுதி பேராதனை நூலகத்தை விட்டு வெளியே வராது. அங்கே போட்டோக்கொப்பி மெஷினும் பழுது. செவ்வாய்க்கிழமை மிஸ்ஸுக்கு வயலில் அளவெடுக்கும் வேலை இருந்ததால் என்னை அனுப்பினார்.

"அண்ணே, நாப்பத்து நாலாம் பக்கத்துல இருந்து அம்பத்தேழு வரைக்கும். புத்தகத்தை விரிச்சா ரெண்டு பக்கம் தெரியும்ல, அதுக்கு ஒரு படம். மொத்தம் ஏழு படம் வரணும்."

"ஏழு. சரி மிஸ்."

நூலகத்தில் இருந்தவர் மடவளையைச் சேர்ந்த முஸ்லிம்காரர் ஒருவர்; நானா என்று கூப்பிடுவோம். அனுமதிச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தொகுதியை எடுத்து வைத்தார். செங்கல் மாதிரி கனம். விரித்தால் தானாக மூடிக்கொள்ளும். இடது கைப் பெருவிரலால் மூலையை அழுத்திக்கொண்டு, வலது கையால் என் மகள் வாங்கிக் கொடுத்த போனில் படம் எடுத்தேன். முதல் படம் ஆடிவிட்டது. அதையே இன்னொரு தரம் எடுத்தேன். பின்னால் வரிசையாகப் புரட்டினேன். முடிந்ததும் எண்ணினேன். ஏழு. எல்லாவற்றையும் மிஸ்ஸுக்கு அனுப்பினேன். 'ஏழும் வந்திருச்சி, நன்றி அண்ணே' என்று பதில் வந்தது. பஸ்ஸில் யன்னலோரம் இடமும் கிடைத்தது. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முழுவதும் மிஸ் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிப்பார், எழுதுவார், அழிப்பார். பதினான்கு பக்கத்தை ஒரு பக்கமாக்குவது லேசான வேலை இல்லை என்பது அவருடைய முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. பின்னேரம் தேநீர் கொண்டுபோனபோது தக்காளி ஐயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன கட்டுரைங்க இது. மண்ணைப் பத்தி எழுதியிருக்காங்க, விதையைப் பத்தி எழுதியிருக்காங்க. எத்தனை பாத்தியில செஞ்சாங்க, எப்படித் தண்ணி விட்டாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. மண் முடிஞ்ச உடனே முடிவுன்னு தலைப்புப் போட்டுட்டாங்க."

"பழைய ஆக்கள் அப்படித்தான் மிஸ்" என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில். "அப்போ 'கட்டுரையில் இல்லை' போடுங்க."

"அதான் போட்டிருக்கேன்."

நான் கோப்பையை வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனேன். ஏன் அப்படித் தோன்றியதென்று தெரியாது. உர மூட்டைமேல் உட்கார்ந்து போனைத் திறந்தேன். படங்களில் இடது பக்கத்து இலக்கங்கள் எல்லாம் என் பெருவிரலுக்குக் கீழே. வலது மூலையில் இருந்த இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. நாற்பத்தைந்து. அந்த ஆடிய படத்தில் மறுபடியும் நாற்பத்தைந்து. நாற்பத்தேழு. நாற்பத்தொன்பது. ஐம்பத்துமூன்று.

ஐம்பத்தொன்று இல்லை.

ஈரத்தில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்க வேண்டும், நான் சேர்த்துப் புரட்டியிருக்க வேண்டும். ஆடிய படம் வந்து அந்த இடத்தை நிரப்பி, கணக்கை ஏழாகவே வைத்துவிட்டது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு தரம் அந்த அறை வாசல்வரை போனேன். முதல் தரம் ஐயா உள்ளே இருந்தார். இரண்டாம் தரம் மிஸ் தனியாகத்தான் இருந்தார், நிமிர்ந்துகூடப் பார்த்தார். "என்னண்ணே?" என்றார். "கோப்பை எடுக்க வந்தேன்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பேச வேண்டிய இடத்தில் கைக்குக் கிடைக்கிற வேலையைச் செய்துவிடுவேன். காலையில் நூலகம் திறந்ததும் போய் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால், சொல்ல வேண்டியதே இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பாத்தி கொடுக்கும் கூட்டம். எட்டரைக்கு நூலக வாசலில் நின்றேன். நானா சிரித்தார்.

"வாங்க போட்டோகிராபர். என்ன, மாப்புள்ளையோட படம் விட்டுப் போச்சா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. தாள்கள் இரண்டும் ஒட்டித்தான் இருந்தன. நகத்தால் பிரித்தேன். ஐம்பது, ஐம்பத்தொன்று. ஒரு படம் எடுத்தேன், இலக்கம் இரண்டும் தெரிகிற மாதிரி. திரும்பும்போது பஸ் பாலத்துக்குக் கிட்ட நெரிசலில் நின்றது. யன்னலைத் திறக்க முடியாத பஸ். கதவடியில் ஆள்மேல் ஆள். இறங்கி நடந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. உட்கார்ந்தே இருந்தேன். பஸ்ஸிலிருந்தே மிஸ்ஸுக்குப் படத்தை அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பத்தே கால். கூட்ட அறைக் கதவு மூடியிருந்தது. கூட்டத்தின் நடுவில் அந்தக் கதவைத் திறக்க எனக்கு இருந்த ஒரே உரிமை தேநீர். தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மேடம் கையில் மிஸ்ஸின் பக்கம் இருந்தது. மிஸ்ஸின் போன் மேசைமேல் முகம் குப்புறக் கிடந்தது. கூட்டத்தில் போனைப் பார்ப்பது மேடத்துக்குப் பிடிக்காது.

"எத்தின பாத்தி, எத்தின தரம் செய்து பாத்தவை எண்டு இல்லையோ?"

"கட்டுரையில இல்ல மேடம். அதையும் எழுதியிருக்கேன்."

"அவை எழுதேல்லையோ, நீர் வாசிக்கேல்லையோ?"

"ரெண்டு தரம் முழுசா வாசிச்சேன் மேடம்."

"இதைக்கூட எழுதாத கட்டுரையை நம்பி நான் ஆறு பாத்தி தரேலாது பிள்ளை." மேடம் பக்கத்தை மேசையில் வைத்தார். "முறை தெரியாட்டி முடிவுக்கு என்ன பெறுமதி?"

மிஸ்ஸுக்குக் காதுவரை சிவந்திருந்தது. நான் ஒவ்வொரு கோப்பையாக வைத்தேன். வைக்க வேண்டிய கோப்பைகள் முடிந்தன. இனி நான் வெளியே போக வேண்டும். கதவு எனக்குப் பின்னால் திறந்தே இருந்தது. வெறும் தட்டோடு நின்றேன். மேடம் தலையைத் தூக்கினார்.

"என்ன, சீனி கொண்டு வரேல்லையோ?"

"மேடம், அதுல ஒரு படம் நான் எடுக்கல."

"என்ன படம்?"

"அம்பதாம் பக்கமும் அம்பத்தொண்ணும். ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு இருந்திச்சி. மிஸ் மேல தப்பில்ல. இப்பதான் போய் எடுத்துட்டு வந்தேன்."

போனை நீட்டினேன். மேடம் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, வரிவரியாக வாசித்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பின்பு போனை மிஸ்ஸுக்கு முன்னால் தள்ளினார்.

"நாலு தரம் செய்திருக்கினம். வாளியால தண்ணி அளந்து விட்டிருக்கினம். எல்லாம் கூரைக்குக் கீழ."

மிஸ் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய முகம் மாறியது.

"மழை விழாத இடத்துல செஞ்சிருக்காங்க" என்றார் மெதுவாக.

"ஓம். நீர் கேட்டது திறந்த பாத்தி. மழைக்காலத்தில வைக்கோலைப் போட்டு மூடினா போஞ்சி வேர் அழுகிப் போகும். முடிவை மட்டும் பாத்து நான் பாத்தி தந்திருந்தா ரெண்டு பேரும் முழுசிக்கொண்டு நிண்டிருப்பம்." பிறகு என்னைப் பார்த்தார். "உமக்கு எப்ப தெரியும்?"

"நேத்துப் பின்னேரம் மேடம்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இருந்தது. ஆறு பாத்திகளும் தக்காளிக்குப் போயின. மிஸ் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதி மறுநாள் எட்டு மணிக்குக் கொடுக்க வேண்டும். இனி எந்தச் சுருக்கத்திலும் கீழே, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை பார்த்தது என்று எழுத வேண்டும். படம் எடுத்து வந்தவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வெளியே நடைபாதையில் மிஸ் என்னை நிறுத்தினார்.

"நேத்து கோப்பை எடுக்க வந்தீங்களே."

"ஆமா மிஸ்."

"அப்பவே சொல்லியிருந்தா, 'கட்டுரையில் இல்லை'ன்னு நான் எழுதியிருக்க மாட்டேன். கூரை இருக்குன்னு பாத்துட்டு வேற மாதிரி கேட்டிருப்பேன். எதுக்கு சொல்லல?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தைத் திரும்ப எழுதப் போய்விட்டார்.

மறுநாள் அவர் எழுதிய புதிய பக்கத்தை மேடத்திடம் கொண்டுபோனது நான்தான். அதற்கு முன் மிஸ் கடைசி வரிக்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு அதில் புரிந்தவை இலக்கங்கள் மட்டும். 44, 57, நடுவில் ஒரு 4. திறந்த பாத்திக்குப் பதிலாக, பின்பக்கம் பாழாய்க் கிடந்த நாற்றுமேடைக் கொட்டகையில் இரண்டு பாத்தி கேட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. மேடம் சம்மதமென்று பச்சை மையால் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தார். அந்தக் கொட்டகையின் பொலித்தீன் கூரை முழுக்கக் கிழிசல். ஒட்டுகிற வேலை எனக்கு வந்தது.

மூன்று நாள் ஏணியில் நின்றேன். அந்த மூன்று நாளும் மிஸ் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பின்னேரம் மழை பிடித்தது. கூரைமேல் விழுகிற சத்தத்தில் காது அடைத்தது. வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றேன். குடையோடு அவர் வந்து, காய்ந்து கிடந்த பாத்திகளைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"எல்லா ஓட்டையும் எண்ணினீங்களா?"

"பதினொண்ணு மிஸ்."

"ஒண்ணை ரெண்டு தரம் எண்ணலயே?"

"இல்ல மிஸ். ஒவ்வொண்ணுலயும் விரலை விட்டுப் பாத்துட்டுத்தான் ஒட்டினேன்."

அவர் குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து, மூலையில் கட்டிவைத்திருந்த வைக்கோலைப் பிரிக்கத் தொடங்கினார். நானும் வைக்கோலை எடுத்துக்கொண்டு மறுபக்கத்துப் பாத்தியோரம் உட்கார்ந்தேன்.