பதினாறாம் நாளுக்குள்

அப்பா இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஐந்து இருபதுக்கு, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டிலேயே. நேரத்தை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவைத்தேன். தங்கச்சி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்க விடுமுறை கிடைத்து வீட்டுக்கு வந்திருந்தாள். திங்கள், புதன், அடுத்த வெள்ளி என்று மூன்று பாடங்கள் இருந்தன.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. மூத்த மகன் என்பதால் கொள்ளிக்குடம் உடைத்தது நான். தலை மழித்திருந்தேன். கருமாதி வரை அடுத்தவர் வாசற்படி ஏறக்கூடாது என்று அத்தை, அப்பாவின் அக்கா, சொல்லியிருந்தார். அதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் தோட்டத்தில் மரணச் சான்றிதழை யாரும் அவசரப்பட்டு எடுப்பதில்லை. இறந்தவரின் சேமலாப நிதிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அதைத் தேடுவார்கள். கருமாதி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, தங்கச்சி எழுதியிருக்க வேண்டிய தாள் தொடங்க அரைமணி இருக்கும்போது, பீடத்தின் பரீட்சைப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு சிங்களப் பெண் அலுவலர் பேசினார். பரீட்சையைத் தள்ளிவைக்க முடியுமா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"ஒருவருக்காகத் தள்ளிவைக்க முடியாது மகன். தனித் தாளும் போட மாட்டோம்," என்றார். "தங்கச்சி வரவில்லை என்று இன்றே எழுத்தில் அறிவியுங்கள். வராத ஒவ்வொரு பாடத்தையும் குறிப்பிட வேண்டும். முதல் பாடம் நடந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மரணச் சான்றிதழும் தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழின் பிரதியும் எங்கள் கையில் இருக்க வேண்டும். பீடச் சபை ஏற்றால், அடுத்த வருடம் கீழ் வகுப்போடு எழுதலாம். அது முதல் தடவையாகவே கணக்கில் வரும்."

"ஏற்காவிட்டால்?"

"அப்போதும் எழுதலாம். ஆனால் மறுபரீட்சை. எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் இல்லை. பட்டத்தில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பதையும் மறந்துவிட வேண்டும்."

வெள்ளிக்கிழமைப் பாடத்தைப் பற்றியும் கேட்டேன். "அடக்கம் முடிந்து ஆறு நாள் ஆகிவிடுகிறதே. சபை என்ன சொல்லும் என்று என்னால் சொல்ல முடியாது," என்றார்.

தங்கச்சி திங்கள், புதன் பாடங்களை மட்டும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினாள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினோம். பிறகு நாட்களை எண்ணினேன். கருமாதி பதினாறாம் நாள், சனிக்கிழமை. இரண்டு வாரம் முடிவது அதற்கு மறுநாளின் மறுநாள், திங்கள். அந்த ஒரே வேலைநாளில் தோட்ட அலுவலகம், பதிவாளர், பல்கலைக்கழகம் மூன்றையும் முடிக்க முடியாது. எல்லாத் தேதியையும் குறித்து வைக்கிற நான் இதை மட்டும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அன்று மதியமே தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். படியேறாமல் முற்றத்திலேயே நின்றேன். பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, வெயில் காயுறியா?"

"கருமாதி ஆகலங்கையா. பதிவாளருக்குக் குடுக்க மரண அறிக்கை வேணும்."

"பதினாறு முடிஞ்சிதானே எல்லாரும் வருவாங்க?"

"தங்கச்சிக்குப் பரீட்சைங்கையா."

அவர் படிவத்தை விறாந்தைக்கு எடுத்து வந்து, கைப்பிடிச் சுவரில் வைத்து, நான் கீழே நின்று சொல்லச் சொல்ல எழுதினார். தோட்டத்தை நடத்தும் துரையின் கையெழுத்து மறுநாள் கிடைத்தது. புதன்கிழமை அறிக்கையோடு டவுனில் பதிவாளரிடம் போனேன். அங்கே நிற்க முற்றமில்லை. படியேறினேன். சான்றிதழ் வியாழன் பிற்பகல் கைக்கு வந்தது.

அன்று மாலை தங்கச்சி பையில் துணி அடுக்கினாள்.

"அப்பன் போயி எட்டு நாள் முடியல. அதுக்குள்ள பரீட்சையா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார் அத்தை.

"நாலு பேரும் வந்து எனக்குப் பதிலா எழுதிக் குடுப்பாங்களா அத்த?"

"வாயப் பாரு. அப்படியே அவங்கப்பன்," என்ற அத்தை சற்று நேரத்தில் ரொட்டி சுட்டுப் பொட்டலம் கட்டினார்.

தங்கச்சியும் நானும் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். வெள்ளிக்கிழமை காலை அவள் மண்டபத்துக்குள் போனாள். நான் பரீட்சைப் பிரிவில் இரண்டு சான்றிதழ்களையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன்.

ஒன்றரை மாதம் கழித்துச் சபையின் கடிதம் வந்தது. திங்கள், புதன் பாடங்களுக்கு வராததை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டையும் எழுதினாள். ஒன்றில் ஏ, மற்றதில் பி பிளஸ். பெறுபேற்றுத் தாளில் மறுபரீட்சை என்ற குறிப்பு இல்லை.

எட்டாம் நாள் எழுதிய பாடத்தில் சி. அதற்கு மட்டும் யாரிடமும் காரணம் எழுதிக் கொடுக்க வழியில்லை. "அது நானாப் போயி எழுதினது, இருக்கட்டும்," என்றாள்.