வட்டி இல்லாத கடன்

என் அண்ணன் என்னிடம் ஒரு பைசா வட்டி வாங்கியதில்லையாம். மதுரை வருமான வரி ஆபீஸில், அதிகாரியின் முன்னால் சத்தியம் செய்துவிட்டு அவர் சொன்ன வார்த்தை இது. இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

எழுபதுகளில் நான் தேவாரத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். கல்யாணமான சில வருடங்களிலேயே கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா தன் உயிலில் எனக்கு போடியில் ஒரு மனையும், குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் ஒரு பங்கும் எழுதியிருந்தார். மனையில் வீடு கட்ட அண்ணன் கடன் கொடுத்தார். ஈடாக மனைப் பத்திரத்தை வாங்கித் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். வட்டிக்குப் பதிலாக, என் பங்குத் தோட்டத்தில் விளைகிற காய் முழுவதும் அவருக்கு. வட்டியைக் காயாக எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் சாதாரணம். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"சொந்தத்துக்குள்ள என்னத்தா எழுத்து?" என்று சிரித்தார்.

கடன் வாங்கியபோது ஏலக்காய் விலை அற்பம். பிறகு விலை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கிய என் மூட்டைகளெல்லாம் நேராக அவரிடம் போயின. அசல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "அசல் அப்பிடியே நிக்குதுத்தா. நீ குடுக்குறது வட்டிக்கே காணல."

நானும் தலையை ஆட்டிவிட்டு பஸ்சைப் பிடித்து தேவாரத்துக்குத் திரும்புவேன். அங்கே ஒற்றை அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். சொந்த வீட்டை போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அண்ணனிடம் காய் வாங்குகிறவரும் அவர்தான். எனக்குக் கொடுக்கும் வாடகையை அவர் தன் கணக்கில் ஒழுங்காகக் காட்டியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு எனக்கு வருமான வரி நோட்டீஸ் வந்தது. வாடகை வருமானம் எவ்வளவு, ஏன் வரி கட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள்.

போடியில் வரிக் கணக்குப் பார்க்கிற ஒருவரிடம் ஓடினேன். அவர் நிதானமானவர்.

"பயப்படாதீங்க டீச்சர். வாடகையில மொதல்ல நீங்க முனிசிபாலிட்டிக்குக் கட்டுற வீட்டு வரியக் கழிப்போம். மிச்சத்துல ஆறுல ஒரு பங்கு ரிப்பேருக்குன்னு கழியும். அப்பறம் வீடு கட்ட வாங்குன கடனுக்கு வட்டி. அதையும் கழிச்சா நிக்கிறது சொச்சந்தான். சம்பளத்தோட சேத்தாலும் வரி வராது" என்றார்.

அந்த ஐப்பசி மழையில் தளம் ஒழுகி, பின்சுவர் ஒன்று சரிந்து, வாடகையில் பாதியைக் கொத்தனாருக்கே கொடுத்திருந்தேன். ரசீதுகளை எடுத்து நீட்டினேன். அவர் தொடக்கூட இல்லை. எவ்வளவு செலவழித்தாலும் ஆறில் ஒன்றுதானாம். சுண்ணாம்பைக் கண்ணிலேயே காட்டாமல் வீட்டைப் பாழாகப் போட்டு வாடகை வாங்குகிறவனுக்கும் அதே ஆறில் ஒன்றாம். எவன் போட்ட சட்டமோ, அவன் வீடு ஒழுகியே இருக்காது என்று அவரிடமே கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

"அது கெடக்கட்டும். வட்டிதான் பெருசு. கடனுக்கு வட்டியா காய எடுத்துக்கிறேன்னு அண்ணன்கிட்ட ஒரு கடுதாசி வாங்கியாங்க" என்றார்.

போனேன். அண்ணன் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏத்தா, தங்கச்சிகிட்ட வட்டி வாங்குறேன்னு நானே எழுதிக் குடுக்கவா? ஊருக்குள்ள ஒருத்தன் மதிப்பானா?"

"வாங்குறப்ப ஊரு பாக்கலையாண்ணே?"

குரலைத் தாழ்த்தினார். பிறகு உண்மை வெளியே வந்தது. "நான் எழுதிக் குடுத்தா அந்த வட்டி என் வருமானமாப் போயிரும். அதுக்கு எனக்கு வரி போடுவான். வேற யாருக்கெல்லாம் வட்டிக்கு விட்டுருக்கேன்னு நோண்டுவான். நீ சம்பளக்காரி, கட்டிட்டுப் போ. போய்ச் சோலியப் பாரு."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியை உடைத்திருக்கலாம். உடைக்காமல் வந்தது இன்றைக்கும் ஒரு குறைதான்.

கடிதம் இல்லாமலே வட்டியைக் கழித்துக் கணக்குக் கொடுத்தோம். அதிகாரி விடவில்லை. அண்ணனையும் மதுரைக்கு வரச்சொல்லி சம்மன் அனுப்பினார். கஞ்சி போட்ட வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக அண்ணன் வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்க்கப் பிடிக்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வரிக் கணக்குக்காரர் என் பக்கத்தில் இருந்தார்.

"வீடு கட்டக் கடன் குடுத்தது உண்மையா?" என்று அதிகாரி கேட்டார்.

"உண்மைங்க."

"அதுக்கு வட்டி வாங்குறீங்களா?"

"அய்யா, கூடப்பொறந்தவகிட்ட வட்டி வாங்குவமா? பாசத்துல குடுத்த பணமுங்க." துண்டால் கண்ணை வேறு ஒற்றிக்கொண்டார்.

நான் எழுந்தே விட்டேன். கணக்குக்காரர் சும்மா இருக்கும்படி கையைக் காட்டினார். அதிகாரி ஒரு காகிதக் கட்டைப் பிரித்தார். எங்கள் வியாபாரியின் கொள்முதல் கணக்கு. அவர் தோட்டம் வாரியாக எழுதுகிறவர். என் பங்குத் தோட்டத்துக் காய் வருடத்துக்கு எத்தனை கிலோ, என்ன விலை, பணம் யார் கைக்குப் போனது என்று எல்லாம் அதில் இருந்தது.

"இது உங்க தங்கச்சி தோட்டத்துக் காய். பணம் வாங்குனது நீங்க. வட்டி இல்லேன்னா, இது என்ன பணம்?"

அண்ணன் முழித்தார். தனக்கே உரியது என்று சொன்னால் தோட்டம் யாருடையது என்ற கேள்வி வரும். வட்டி என்று சொன்னால் வரி வரும். வரி வராத பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அது அசலுக்குங்க. குடுத்த கடனக் காயாத் திருப்பிக் குடுக்குறா."

"அத்தனையும் அசலுக்கா?"

"அத்தனையுந்தாங்க. வட்டின்னு ஒத்தப் பைசா கெடையாது."

கத்துவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதிகாரி எழுதினார், வாசித்துக் காட்டினார். அண்ணன் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. வீட்டு வரி கழிந்திருந்தது, ஆறில் ஒன்று கழிந்திருந்தது. வட்டி என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. கடன் கொடுத்தவரே வட்டி இல்லை என்று வாக்குமூலம் கொடுத்திருப்பதாகவும், காய் விற்ற பணம் முழுவதும் அசலுக்கு வரவு என்று ஒப்புக்கொண்டிருப்பதாகவும், வருடவாரியான தொகைகளோடு காரணம் எழுதியிருந்தார்கள். என் வயிற்றைக் கட்டி நான் கொடுத்த வட்டிக்கு நானே வரி கட்டினேன். வளையலை அடகு வைத்துக் கட்டினேன். பாங்கில் சலானை நீட்டும்போது அண்ணனை வாய்விட்டே திட்டினேன்.

அந்தச் சலானோடும் உத்தரவோடும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். காரணம் எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். வாசித்தார். கூட்டிப் பார்க்கத் தெரியாதவரா அவர்? அசல் என்றைக்கோ தீர்ந்து, அதற்கு மேலும் போயிருந்தது.

"ஏத்தா, ஆபீஸ்ல அதிகாரிக்குச் சொன்னது வேற..." என்று இழுத்தார்.

"அப்ப வட்டிதான்னு சொல்லுங்கண்ணே. இப்பவே மதுரைக்குப் போயிச் சொல்லிட்டு வருவோம். நானும் வர்றேன்."

அவர் உத்தரவை மடித்து என்னிடம் நீட்டினார். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

"மேக்கொண்டு எடுத்ததக் கேக்க வரல. பத்திரத்தக் கொண்டாங்க. வெரசா. பஸ்சுக்கு நேரமாகுது."

இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பத்திரத்தை என் கையில் தராமல், காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் போட்டார். எடுத்துக்கொண்டேன். எத்தனையோ வருடம் ஏலக்காய்ப் பணத்தோடு அடைந்து கிடந்ததில் காகிதம் முழுக்க ஏலக்காய் வாசம். இன்னும் போகவில்லை. பண்டிகைக்குக்கூட என் வீட்டுப் பாயசத்தில் நான் ஏலக்காய் போடுவதில்லை.