லிஃப்டுக்குள்ளிருந்து வந்த அழைப்பு

மகள் பிறப்பதற்கு முன், லிஃப்ட் கம்பெனி ஒன்றின் புகார் பிரிவில் வேலை பார்த்தேன். பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, வேறொரு கம்பெனியின் அதே பிரிவில் சேர்ந்த அன்று காலை சைனிக்புரி வீட்டிலிருந்து பேகம்பேட் ஆஃபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் புடவை கசங்கிவிட்டது.

முன்பு நாங்கள் ஃபோனில் கேட்டு எழுதிக்கொண்டு, எந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்று ஊகித்து அனுப்பிய வேலை அது. இப்போது ஆட்கள் திரையில் நீலப் புள்ளிகளாக நகர்ந்தார்கள். எனக்கு லாகின்கூட வரவில்லை. முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று டீம் லீடர் சொன்னாள். என்னைவிட வயதில் சிறியவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய அழைப்புகளைக் கேட்கவேண்டுமோ அந்தப் பையன் வரங்கல்காரன். வந்ததுமே என்னை அக்கா என்றான்.

மதியத்துக்கு மேல் ஒரு அவசர அழைப்பு வந்தது. மதுரையில் ஒரு அடுக்ககம். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு பெண் தமிழில் அழுதாள். பையனுக்குப் புரியவில்லை. தமிழ் அழைப்புகளை எடுக்கிறவர் அன்று விடுப்பில் இருந்தார்.

"அக்கா, மீரு மாட்லாடண்டி," என்று தெலுங்கில் என்னையே பேசச் சொல்லி ஹெட்செட்டை நீட்டினான். டீம் லீடரைப் பார்த்தேன். தலையசைத்தாள்.

"அம்மா, நான் லிஃப்ட் கம்பெனியிலிருந்து பேசறேன். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நானும் எம் பிள்ளையும் தான். மூச்சு முட்டுதுக்கா. வெளிய வாட்ச்மேன் கடப்பாரைய வச்சுக் கதவை நெம்புறாரு."

"நெம்ப வேணாம்னு சத்தமா சொல்லுங்க. நீங்களும் கதவைத் தொடாதீங்க. லிஃப்ட் கீழ விழாது, காத்து வந்துக்கிட்டுதான் இருக்கும். பிள்ளையோட தரையில உட்காருங்க. பட்டன் பலகைக்கு மேல ஒரு நம்பர் இருக்கும், படிங்க."

படித்தாள். நான் திரும்பச் சொல்ல, பையன் தட்டினான். கட்டடம் திரையில் வந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த நீலப் புள்ளியைச் சொடுக்கி அந்த மெக்கானிக்கை அனுப்பினான்.

மெக்கானிக் வந்து சேரும்வரை அழைப்பை வைக்கக் கூடாது. என் பழைய கம்பெனியிலும் அதுதான் விதி. பிள்ளையின் வகுப்பையும் டீச்சரையும் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தப் பிள்ளையே கதை சொல்ல ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரின் பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

"வெளிய வந்துட்டோம்க்கா," என்றாள் அவள்.

ஹெட்செட்டைக் கழற்றிப் பையனிடம் கொடுத்தேன்.

டீம் லீடர் என் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "மேம், ஒரு வாரம் எதுக்கு? நாளைக்கே லாகின் வாங்கித் தரேன். தமிழ் கால்ஸ் எல்லாம் நீங்களே எடுங்க," என்றாள், அரைகுறைத் தமிழில்.

வீட்டில் மகள் பாடப் புத்தகத்திலிருந்து நிமிராமல், "ஆஃபீஸ் கைசா தா, அம்மா?" என்று ஆஃபீஸ் எப்படி இருந்தது என்பதை இந்தியில் கேட்டாள்.

மதுரைப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன், ஒன்றையும் குறைக்காமல்.